பாராசிட்டமாலுக்குப் பயம், அதிமதுரத்துக்குப் பயமில்லை: கர்ப்பத்தில் தொண்டை வலிக்கு இந்தக் கணக்கு சரியா?

கர்ப்பிணிக்குத் தொண்டை கரகரப்பு வந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை, "மாத்திரை மட்டும் போட்டுடாதே." அடுத்து வருவது, "கசாயம் வெச்சுத் தர்றேன், இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது." இரண்டுமே அக்கறையில் சொல்லப்படுபவை. ஆனால் மருத்துவ ஆதாரங்களோடு வைத்துப் பார்த்தால் இரண்டு வாக்கியங்களுமே பல நேரங்களில் தலைகீழாக இருக்கின்றன. பயப்படத் தேவையில்லாத மாத்திரை ஒதுக்கப்படுகிறது. அளவு பார்த்துத் தொட வேண்டிய வேர் டம்ளர் டம்ளராக உள்ளே போகிறது.

'இயற்கை மருந்தா, ஆங்கில மருந்தா' என்று பிரிப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தப் பிரிவு தெரியாது. எந்தப் பொருள், எவ்வளவு, எத்தனையாவது வாரத்தில் தன்னிடம் வந்து சேர்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். இதற்கு அதிமதுரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதிமதுரத்தில் என்ன பிரச்சினை?

தொண்டை என்றாலே நினைவுக்கு வரும் வேர் அதிமதுரம். பாடகர்களும் ஆசிரியர்களும் வாயில் போட்டு அடக்கிக்கொள்வார்கள். தொண்டைக்கு இதமாக இருப்பது உண்மைதான். அந்த இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். கர்ப்பத்தில் கவலை தருவதும் அதே கிளைசிரைசின்தான்.

தாயின் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உண்டு. மன அழுத்தம், காய்ச்சல், தூக்கமின்மை என்று உடல் சிரமப்படும்போதெல்லாம் இது கூடும். கர்ப்ப காலத்தில் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இது அப்படியே குழந்தைக்குப் போய்விடாமல் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் காக்கிறது. வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை அது செயலிழக்கச் செய்துவிடும். கிளைசிரைசின் அந்த நொதியைத் தடுக்கிறது. காவல் தளர்ந்தால், வளரும் மூளைக்குத் தேவைக்கு மேல் கார்ட்டிசால் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

இதே நொதி தாயின் சிறுநீரகத்திலும் இருக்கிறது. அங்கே அது தடைபட்டால் உடலில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். கடைசி மூன்று மாதங்களில் பி.பி. ஏறுவதை மகப்பேறு மருத்துவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள் என்பது கர்ப்பிணிகளுக்குத் தெரியும். கை, கால் வீங்கி, பி.பி.யும் ஏறினால் அது கர்ப்பகால ரத்த அழுத்த நோயா, குடித்த கசாயத்தின் வேலையா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும்.

இதை அதிகம் ஆராய்ந்த நாடு ஃபின்லாந்து. அங்கே அதிமதுர மிட்டாய் என்பது நம் ஊர் கடலை மிட்டாய் மாதிரி. ஹெல்சிங்கியில் 1998-ல் குழந்தை பெற்ற பெண்களிடம், கர்ப்பத்தின்போது வாரத்துக்கு எவ்வளவு அதிமதுர மிட்டாய் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். வாரத்துக்கு 500 மில்லிகிராம் கிளைசிரைசினும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு 38 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரைச் சுமார் 12 வயதில் மீண்டும் பரிசோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிக அளவு எடுத்த தாய்மார்களின் பிள்ளைகள் நுண்ணறிவுத் தேர்வில் சராசரியாக 7 புள்ளிகள் குறைவாக எடுத்திருந்தார்கள்.

இது கேட்டு எழுதிய கணக்கு. ஒருவருக்கு அதிமதுரம் கொடுத்து, இன்னொருவருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட சோதனை இல்லை. அதனால் 'அதிமதுரம்தான் காரணம்' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எப்படி நடக்கக்கூடும் என்பதற்கான வழியும் தெரிகிறது, அளவு கூடக் கூட வித்தியாசமும் தெரிகிறது. வேறு பாதுகாப்பான வழி கையில் இருக்கும்போது எதற்கு இந்த ரிஸ்க் என்ற அடிப்படையில், ஃபின்லாந்து அரசின் நலவாழ்வு நிறுவனம் 2016-ல் கர்ப்பிணிகளுக்கு அதிமதுரம் பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

நம் வீட்டுக் கசாயத்தில் எவ்வளவு இருக்கும்?

"அவங்க கிலோ கணக்குல மிட்டாய் சாப்பிடுவாங்க. நாம ஒரு சிட்டிகைதானே போடறோம்?" என்ற கேள்வி நியாயமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மருந்துத் தரத்தில் இருக்கும் அதிமதுர வேரில் குறைந்தது 4 சதவீதம் கிளைசிரைசின் சார்ந்த அமிலம் இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்துத் தர நூல். நாட்டு மருந்துக் கடைப் பொடியிலும் ஏறக்குறைய அவ்வளவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூன் பொடி சுமார் 3 கிராம். அதில் 4 சதவீதம் என்றால் 120 மில்லிகிராம். காலை ஒரு டீஸ்பூன், இரவு ஒரு டீஸ்பூன் என்று தேனில் குழைத்துச் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 240 மில்லிகிராம். இரண்டு நாளில் 480. மூன்றாம் நாள் காலையிலேயே ஃபின்லாந்து ஆய்வில் 'அதிகம்' என்று வகுத்த ஒரு வாரத்து அளவு தாண்டிவிடுகிறது.

ஒரு சிட்டிகை என்றால் கதை வேறு. அரை கிராம்கூட இருக்காது, 20 மில்லிகிராமுக்குள் முடிந்துவிடும். வேரைத் தட்டிக் கொதிக்க வைத்து வடிகட்டினால் முழுவதும் நீரில் இறங்காது. ஆக, ஆபத்து அந்த வேரின் பெயரில் இல்லை; டீஸ்பூனில் இருக்கிறது, எத்தனை நாள் தொடர்கிறது என்பதில் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு நாள் குடித்துவிட்ட ஒரு கர்ப்பிணி இதைப் படித்துப் பதறத் தேவையில்லை. ஃபின்லாந்துத் தாய்மார்கள் வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள். நிறுத்திவிட்டு, அடுத்த செக்கப்பில் பி.பி. பார்க்கும்போது சொல்லிவிட்டால் போதும்.

வேறு எந்த மூலிகைகளைத் தள்ளி வைக்க வேண்டும்?

இருமலோடு வரும் தொண்டை வலிக்கு அடுத்ததாக வருவது ஆடாதோடை. இதில் இருக்கும் வாசிசின், விலங்குகளில் செய்த சோதனைகளில் கருப்பையைச் சுருங்க வைத்திருக்கிறது. பிரசவத்தைத் துரிதப்படுத்த ஆடாதோடையைப் பயன்படுத்தும் பழக்கம் நாட்டு வைத்தியத்திலேயே இருந்திருக்கிறது. அதாவது பாரம்பரியத்தின் பெயரில் கர்ப்பிணிக்குக் கொடுக்கப்படும் இந்த இலையின் குணம் அந்தப் பாரம்பரியத்துக்கே தெரிந்ததுதான். இன்னொரு சுவாரசியம், மருந்துக் கடையில் கிடைக்கும் பல சளி சிரப்புகளில் உள்ள புரோம்ஹெக்சின், இந்த வாசிசினை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டது. இலை 'இயற்கை', சிரப் 'கெமிக்கல்' என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கொரோனா காலத்துக்குப் பிறகு பல வீடுகளில் நிரந்தர இடம் பிடித்துவிட்ட கபசுரக் குடிநீரிலும் ஆடாதோடை உண்டு. கூடவே நிலவேம்பு, திப்பிலி உட்பட மொத்தம் 15 சரக்குகள். கர்ப்பத்தில் நிலவேம்பைத் தவிர்க்கச் சொல்வதே பொதுவான பரிந்துரை. ஒரு பாக்கெட்டில் பத்துப் பதினைந்து பொருட்கள் சேரும்போது எது எவ்வளவு போகிறது என்று யாராலும் கணக்கிட முடியாது. வீட்டில் எல்லோரும் குடிக்கிறார்கள் என்பதற்காகக் கர்ப்பிணியும் ஒரு டம்ளர் குடிக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவரிடம் போவதாக இருந்தாலும் 'எத்தனை வாரம்' என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

சமையலறைப் பொருட்களுக்கு இந்தக் கவலை பொருந்தாது. மிளகு ரசம், இஞ்சி தட்டிப் போட்ட டீ, பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகும், நாலு துளசி இலை போட்ட வெந்நீர் எல்லாம் சாப்பாட்டு அளவில் இருக்கும்வரை பயமில்லை. அதே மஞ்சள் கேப்ஸ்யூலாகவும், அதே துளசி அடர்த்தியான சொட்டு மருந்தாகவும் மாறும்போது அது உணவு கிடையாது, மருந்து. அப்போது மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

ஒரு கர்ப்பிணி, மூன்று நாள் தொண்டை வலி

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண், 30 வாரக் கர்ப்பம், எடை 60 கிலோ. செவ்வாய்க்கிழமை இரவு தொண்டை எரிச்சல் தொடங்குகிறது. புதன்கிழமை எச்சில் விழுங்கவே வலி, மூக்கு ஒழுகுகிறது, லேசாக இருமல், காய்ச்சல் 100 டிகிரி.

மாமியார், "அதிமதுரம் தட்டிப் போட்டுக் கசாயம் வைக்கிறேன்மா" என்கிறார். கணவர் மருந்துக் கடைக்குப் போய், "தொண்டை வலி, காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி ஒரு அட்டை மாத்திரையும் ஒரு கார்கிள் பாட்டிலும் வாங்கி வருகிறார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அட்டையைத் திருப்பிப் பார்த்தால் 'அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. இந்த வீட்டில் அன்றைக்கு உண்மையிலேயே ஒதுக்க வேண்டியது இதுதான். இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமசுலைடு எல்லாம் ஒரே குடும்பத்து வலி மருந்துகள். கர்ப்பத்தின் பின்பாதியில் இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான் என்பதால், சிறுநீரகம் மந்தமானால் பனிக்குட நீர் குறையும். இந்தக் காரணத்துக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல், 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. 30 வாரம் நெருங்கும்போது இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. பிறந்த பிறகு மூட வேண்டிய, இதயத்துக்கு அருகில் உள்ள ஒரு ரத்தக் குழாய் வயிற்றிலேயே முன்கூட்டி மூடத் தொடங்கலாம். கூடவே நம் ஊரில் காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால் இந்த மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும் என்பது தனிக் காரணம்.

அதேநேரம், ரத்த அழுத்த ஆபத்து உள்ள கர்ப்பிணிகளுக்கு மருத்துவரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தருவதுண்டு. அது வேறு கணக்கு. இந்தக் கட்டுரையைப் பார்த்து அதை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்து கார்கிள் பாட்டில். பழுப்பு நிறத்தில், பொவிடோன் அயோடின் என்று எழுதியிருக்கிறது. "வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்பறதுதானே" என்று தோன்றும். ஆனால் வாயின் உட்தோல் வழியாக அயோடின் ரத்தத்துக்குப் போகும், நஞ்சுக்கொடியையும் தாண்டும். அளவுக்கு மீறிய அயோடின் குழந்தையின் தைராய்டை மந்தமாக்கும். ஒரு தடவை கொப்பளித்ததால் ஒன்றும் ஆகிவிடாது. நாளுக்கு மூன்று வேளை, ஒரு வாரம் என்று போகக் கூடாது. சப்பும் மாத்திரைகளிலும் அட்டையைப் படிக்க வேண்டும். ஃப்ளூர்பிபுரூஃபன் என்று இருந்தால் அது மிட்டாய் வடிவில் இருக்கும் அதே வலி மருந்துக் குடும்பம்.

சரி, இவர் என்னதான் செய்யலாம்? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, நாளைக்கு நாலைந்து முறை தொண்டை வரை கொப்பளித்துத் துப்பலாம். விழுங்கக் கூடாது, உப்பு பி.பி.க்கு ஆகாது. வெந்நீரில் ஒரு டீஸ்பூன் தேன் குடிக்கலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் தேனும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வைத்து அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரசம், கஞ்சி, சூப் என்று சூடாக எதையாவது அடிக்கடி குடிப்பது தொண்டையை ஈரமாக வைத்திருக்கும்.

வலியும் காய்ச்சலும் தாங்க முடியாமல் இருந்தால் பாராசிட்டமால். இவர் எடைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, அடுத்ததற்குக் குறைந்தது 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 மாத்திரைக்கு மேல் வேண்டாம். வலி அடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். இதில் நடக்கும் வழக்கமான தவறு ஒன்று உண்டு. ஒருபக்கம் பாராசிட்டமால், இன்னொருபக்கம் 'சளி மாத்திரை'. பெரும்பாலான சளி மாத்திரைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். தெரியாமலே இரட்டிப்பு அளவு போய்விடும். மூக்கடைப்புக்காக அதில் சேர்க்கப்படும் ஃபினைல்எஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்கக்கூடியது என்பதால் கர்ப்பத்தில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

இவருக்கு மூக்கு ஒழுகலும் இருமலும் இருப்பதால் வைரஸ் தொற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும், ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. மாறாக இருமலே இல்லாமல், காய்ச்சல் 101-ஐத் தாண்டி, டான்சிலில் வெள்ளைப் படலம் தெரிந்து, கழுத்தின் முன்பக்கம் நெரிகட்டி வலித்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அப்போது மருத்துவரிடம் போக வேண்டும். பென்சிலின், அமாக்சிசிலின் போன்றவை கர்ப்பத்தில் நீண்ட காலமாகப் பயன்படுத்தப்படும் மருந்துகள். ஒவ்வாமை இல்லாவிட்டால் பயமின்றிச் சாப்பிடலாம், எழுதிக் கொடுத்த நாள் முழுக்கச் சாப்பிடவும் வேண்டும். போன வருடம் மிச்சமான டாக்சிசைக்ளின் பெட்டியில் இருக்கிறது என்று எடுத்துப் போடுவதுதான் தவறு. அது குழந்தையின் பல், எலும்பு வளர்ச்சியோடு விளையாடும் வகை.

பாராசிட்டமால் மீது ஏன் இவ்வளவு பயம்?

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாராசிட்டமாலைத் தவிர்க்க வேண்டும், அதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்ற பொருளில் பேசினார். அந்த வீடியோ நம் ஊர் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தது. சில ஆய்வுகளில் அப்படியொரு தொடர்பு தெரிந்தது உண்மை. ஆனால் காய்ச்சல் வந்ததால்தான் மாத்திரை போடுகிறார்கள். பாதிப்பு காய்ச்சலாலா, மாத்திரையாலா, குடும்ப மரபாலா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

இதைப் பிரிக்க முயன்ற பெரிய ஆய்வு ஸ்வீடனில் நடந்து 2024-ல் வெளியானது. சுமார் 25 லட்சம் குழந்தைகள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில், ஒரு கர்ப்பத்தில் பாராசிட்டமால் எடுத்து இன்னொன்றில் எடுக்காதவர்களை ஒப்பிட்டார்கள். அப்படிப் பார்த்தபோது ஆட்டிசத்தோடு இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. டிரம்பின் பேச்சுக்குப் பிறகும் உலக சுகாதார நிறுவனமும் ஐரோப்பிய மருந்து அமைப்பும் தங்கள் பரிந்துரையை மாற்றவில்லை. தேவைப்படும்போது, குறைந்த அளவில், குறைந்த நாட்கள் என்பதே இப்போதும் வழிகாட்டுதல்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். காய்ச்சலைக் கண்டுகொள்ளாமல் விடுவது பாதுகாப்பான தேர்வு கிடையாது. முதல் சில வாரங்களில் அதிக காய்ச்சல், குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாத குறையோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறது. "பொறுத்துக்கோ, மாத்திரை வேண்டாம்" என்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பிரசவத்துக்குப் பிறகு கணக்கு மாறும்

'கர்ப்பத்தில் ஆகாதது தாய்ப்பாலிலும் ஆகாது' என்று நினைத்துப் பல தாய்மார்கள் வலியைத் தாங்கிக்கொண்டே கிடக்கிறார்கள். இப்யூபுரூஃபன் இதற்கு நல்ல பதில். 20 வாரத்துக்குப் பிறகு விலக்க வேண்டிய அதே மருந்து, பிரசவத்துக்குப் பிறகு பாலூட்டும் தாய்க்கு முதலில் பரிந்துரைக்கப்படும் வலி மருந்துகளில் ஒன்று. காரணம் எளிது. நஞ்சுக்கொடி வழியாகப் போவது வேறு, பாலில் இறங்குவது வேறு. இப்யூபுரூஃபன் பாலுக்குள் மிக மிகக் குறைவாகவே இறங்குகிறது. வயிற்றுப் புண், சிறுநீரகப் பிரச்சினை, டெங்கு சந்தேகம் இல்லாத தாய் சாப்பாட்டுக்குப் பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம். பாராசிட்டமாலும் அப்படியே.

மறுபக்கம், பாலூட்டும்போது கூடுதல் எச்சரிக்கை தேவைப்படும் மருந்துகளும் உண்டு. முக்கியமானது கோடீன். சில இருமல் சிரப்புகளிலும் வலி மாத்திரைகளிலும் இருக்கும் இது, உடலுக்குள் போய் மார்ஃபினாக மாறும். சிலருக்கு மரபுரீதியாகவே இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். தனக்கு அப்படி என்பது அவர்களுக்கே தெரிந்திருக்காது. கனடாவின் டொரன்டோவில் 2005-ல், பிரசவத்துக்குப் பிந்தைய வலிக்காகக் கோடீன் கலந்த மாத்திரை சாப்பிட்ட ஒரு தாயின் 13 நாள் குழந்தை இறந்தது. பாலில் மார்ஃபின் அதிகமாக இருந்தது தெரியவந்தது. 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பாலூட்டும் தாய்மார்கள் கோடீனையும் டிரமடாலையும் தவிர்க்கச் சொன்னது. தாய் எந்த மருந்து எடுத்திருந்தாலும் சரி, குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், பால் குடிக்கத் திணறினால், துவண்டு கிடந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின் குழந்தைக்குப் பெரிய கேடு செய்யாது, ஆனால் பாலைக் குறைக்கும். ஒரு சிறிய ஆய்வில் 60 மில்லிகிராம் ஒருமுறை எடுத்ததற்கே அன்றைய பால் கிட்டத்தட்ட கால்பங்கு குறைந்திருக்கிறது. "சளி பிடிச்சதுல இருந்து பாலே வரல" என்று சொல்லும் தாய், சாப்பிட்ட மாத்திரையின் அட்டையை ஒருமுறை பார்ப்பது நல்லது. அயோடின் கார்கிள் இப்போதும் வேண்டாம். அயோடின் தாய்ப்பாலில் செறிந்து சேரும் தன்மை கொண்டது. உப்புத் தண்ணீர் இங்கேயும் கைகொடுக்கும்.

அதிமதுரத்தில் இருந்த நஞ்சுக்கொடிப் பிரச்சினை பிரசவத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் பிரசவத்தை ஒட்டி பி.பி. ஏறியிருந்த தாய்மார்கள், பொடியாகத் தினமும் சாப்பிடுவதைத் தவிர்க்கலாம்.

தேனில் ஒரு விஷயம். தாய் சாப்பிடுவதில் தடையே இல்லை. ஆனால் அதே ஸ்பூனால் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டு தொட்டு வைப்பதும், பிறந்தவுடன் தேனில் சேனை வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கலாம். அதேபோல் கற்பூரம், யூகலிப்டஸ் கலந்த தைலத்தைத் தாய் நெஞ்சில் தேய்த்துக்கொண்டு பால் கொடுக்கக் கூடாது. குழந்தை முகம் புதைக்கும் இடம் அதுதான். கற்பூரம் உள்ளே போனால் சிறு குழந்தைக்கு வலிப்பு வரும் அபாயம் உண்டு.

"உனக்கே காய்ச்சல், பால் கொடுக்காதே" என்பது மட்டும் எந்தச் சாதாரணத் தொண்டை வலிக்கும் பொருந்தாது. தாய்க்கு அறிகுறி தெரியும் முன்பே கிருமி குழந்தையைத் தொட்டிருக்கும். பால் வழியாகப் போவது பெரும்பாலும் அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் பொருட்கள்தான். கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு தொடர்ந்து கொடுக்கலாம்.

யார் கேட்க வேண்டும்?

இவ்வளவையும் ஒரு கர்ப்பிணி மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தொண்டை வலி என்று வந்து நிற்பவரிடம் "யாருக்கு? கர்ப்பமா இருக்காங்களா? பால் கொடுக்கிறாங்களா?" என்று கேட்க மருந்துக் கடைக்காரருக்குப் பத்து விநாடி போதும். அந்தக் கேள்வி வழக்கமானாலே அசிக்ளோஃபெனாக் அட்டையும் அயோடின் பாட்டிலும் கவுன்ட்டரைத் தாண்டாது. அதேபோல் அதிமதுரப் பொடி, ஆடாதோடைப் பொடி, இருமல் கசாயப் பொடி விற்பவர்கள், கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைப் பாக்கெட்டின் முன்பக்கத்தில், தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடுவது கட்டாயமாக வேண்டும். மூலிகை என்பதால் அந்த ஒரு வரியிலிருந்து விலக்குக் கொடுப்பதற்குக் காரணமே இல்லை. வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்கும்போதே, "கசாயம் எதாவது குடிக்கிறீங்களா? அதுல என்ன போடறீங்க?" என்றும் கேட்கலாம்.

அதுவரை குடும்பத்தினர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எதையும் கொடுப்பதற்கு முன்பு மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வது: இதில் என்ன சேர்ந்திருக்கிறது, இது சாப்பாட்டு அளவா மருந்து அளவா, இப்போது எத்தனையாவது வாரம். மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும், அன்று இரவுக்கு உப்புத் தண்ணீரும் மிளகு ரசமும், தேவைப்பட்டால் ஒரு பாராசிட்டமாலும் போதும். எச்சில்கூட விழுங்க முடியாத வலி, மூச்சுத் திணறல், ஒரு நாளைத் தாண்டியும் இறங்காத காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.